முன்பு "போட்டேன்" என்ற பிள்ளை இப்போது "போடுனேன்" என்கிறதே, ஏன்?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. கோலாலம்பூரில் இருக்கிறோம். முன்பெல்லாம் "போட்டேன்", "சாப்பிட்டேன்" என்று சரியாகச் சொன்னவள், இப்போது "போடுனேன்", "சாப்பிடுனேன்" என்கிறாள். தாஸ்கா குழந்தைக் காப்பகத்தில் மலாய் பேசுவதால் தமிழ் குழம்புகிறது என்கிறார் மாமியார். உண்மையா? திருத்த வேண்டுமா?

பதில்:

மலாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. நேற்று சாப்பிட்டாலும் நாளைக்குச் சாப்பிடப் போனாலும் 'மாக்கான்' மாக்கான்தான், முன்னால் 'சுடாஹ்' சேர்த்தால் முடிந்துபோன செயல். "போடுனேன்" என்பதில் வருகிற அந்த 'ன்' அங்கிருந்து வந்திருக்கவே முடியாது. அது அசல் தமிழ் இறந்தகாலக் குறி, ஓடினேன், பாடினேன் என்பதில் வருவது, நாம் பேச்சில் ஓடுனேன், பாடுனேன் என்போமே அதுதான். உங்கள் மகள் தமிழ் இலக்கணத்தைக் கொண்டுதான் இந்தத் தவறைச் செய்கிறாள்.

நான் செந்தூல் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை, படித்தது மொழியியல். இந்த இரண்டு சொற்களும் எனக்கு ரொம்பப் பிடித்தவை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டு என்று முடியும் வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தனிக்குறிலுக்குப் பின்னால் டு வந்தால் பெரும்பாலும் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் வரும்: விடு, விட்டேன்; தொடு, தொட்டேன்; சுடு, சுட்டேன். (எடு, கொடு மாதிரி சில 'த்த்' எடுக்கும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) நெடிலுக்குப் பின்னால் வந்தாலோ, சொல் அதைவிட நீளமாக இருந்தாலோ 'இன்' வரும்: ஆடினேன், தேடினேன், மூடினேன், திருடினேன். இதை நம் இலக்கண நூல்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டன. இப்போது போடு என்பதைப் பாருங்கள். நெடில், அப்புறம் டு. விதிப்படி 'போடினேன்' என்றுதான் வர வேண்டும், ஆனால் நாம் சொல்வது போட்டேன். சாப்பிடு நீளமான சொல், திருடு மாதிரி 'சாப்பிடினேன்' என்று ஆகியிருக்க வேண்டும். அதற்குள்ளே, கூப்பிடு என்பதில் இருப்பது போலவே, ஓர் 'இடு' ஒளிந்திருப்பதால்தான் சாப்பிட்டேன் என்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த 'இடு' எப்படித் தெரியும்? அவள் முழுச்சொல்லாகப் பார்க்கிறாள், பொது விதியைப் போடுகிறாள். இங்கே விதியிலிருந்து விலகி நிற்பது பெரியவர்களாகிய நாம்தான்.

சரி, முன்பு சரியாகச் சொன்னாளே, அது எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. "போட்டேன்" என்பதை அவள் முதலில் ஒரே கட்டியாக, கேட்டபடி மனப்பாடமாக வைத்திருந்தாள். அதற்குள் 'போடு' தனி, காலம் தனி என்ற பிரிப்பு அப்போது இருந்திருக்காது. ஓடுனேன், ஆடுனேன், மூடுனேன் என்று நிறையக் கேட்டுச் சேர்ந்த பிறகுதான் 'ன்' தனியாகக் கழன்று வருகிறது. கழன்று வந்ததும் எங்கெல்லாம் பொருந்தும் என்று தோன்றுகிறதோ அங்கெல்லாம் ஒட்டும். இதை ஆய்வாளர்கள் U வடிவ வளர்ச்சி என்பார்கள்: முதலில் சரி, நடுவில் தவறு, பிறகு மறுபடியும் சரி. முதலில் வந்த சரி நினைவிலிருந்து, கடைசியில் வருகிற சரி இலக்கணமும் விதிவிலக்கும் தெரிந்து.

ஆனால் அந்த U என்ற எழுத்தைப் பார்த்து, நடுவில் எல்லாமே சரிந்து விழுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். 1992ல் கேரி மார்கஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளை எண்ணிப் பார்த்தார்கள். went என்று வர வேண்டிய இடத்தில் goed என்பது போன்ற தவறுகள், வாய்ப்பிருந்த இடங்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். அந்த இரண்டு மூன்றுதான் நம் காதில் தங்கிவிடுகிறது. அவர்கள் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது: நினைவில் இருக்கும் விதிவிலக்கு உடனே கைக்கு வந்தால் அது விதியைத் தடுத்துவிடும், வராத நேரத்தில் விதி உள்ளே புகுந்துவிடும். பெற்றோர் அடிக்கடி சொல்லும் சொற்களில் தவறு குறைவாக வருவதும் அதனால்தான்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. விதி என்று ஒன்று தேவையே இல்லை, ஓசை ஒத்துப்போகும் சொற்களைப் பார்த்துக் குழந்தை ஒப்புமையில் சொல்லிவிடுகிறது என்பார்கள். 1986ல் ரூமல்ஹார்ட்டும் மெக்லெலண்டும் மூளை நரம்புகளைப் போல இணைத்த ஒரு கணினி மாதிரியைக் கட்டி, விதி எதையும் எழுதிக் கொடுக்காமலே இத்தகைய தவறுகளை அது செய்வதைக் காட்டினார்கள். "போடுனேன்" மட்டும் இருந்தால் நானும் அவர்களோடு சண்டை போட மாட்டேன், ஏனென்றால் ஓடு, ஆடு, பாடு, தேடு எல்லாம் போடு என்பதோடு ஓசையில் ஒத்துப்போகின்றன. ஆனால் "சாப்பிடுனேன்"? அதற்கு ஓசையில் மிக நெருக்கமான சொல் கூப்பிடு, அது கூப்பிட்டேன் ஆகிறது. ஒப்புமை மட்டும் வேலை செய்திருந்தால் சரியான வடிவம்தான் கிடைத்திருக்கும். ஓசை உறவைத் தாண்டி அவள் எதையோ பிடித்திருக்கிறாள் என்று நான் நினைப்பது அதனால்தான். ஒரு சொல்லை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது என்பதும் உண்மை.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கலாம். 1958ல் ஜீன் பெர்கோ, யாரும் கேட்டிராத wug என்ற சொல்லைக் குழந்தைகளிடம் சொல்லி அதற்குப் பன்மை கேட்டார். அதே வழிதான். ஒரு பொம்மையை விநோதமாகச் சுற்ற வைத்து, "பாரு, இவன் கீடுறான். நேத்தும் இதையேதான் செஞ்சான். நேத்து இவன் என்ன செஞ்சான்?" என்று கேளுங்கள். "கீடுனான்" என்று வந்தால் அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அப்புறம் "விடுனேன்", "தொடுனேன்" என்றும் சொல்கிறாளா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். சொல்லவில்லை என்றால், குறில் நெடில் வேறுபாடுகூட அவள் விதிக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

திருத்துவதைப் பற்றி. என் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், நான் குப்பைய போடுனேன்" என்றான். "குப்பைய போட்டியா?" என்றேன். "ஆமா டீச்சர், போடுனேன்" என்று சந்தோஷமாகத் தலையாட்டினான். நான் சொன்னது அவனுக்கு நன்றாகவே புரிந்தது, ஆனால் அவன் வடிவம் அசையவில்லை. "தப்பு, மறுபடி சொல்லு" என்பதால் பெரிய பலன் இருக்காது, பேசவே தயங்கினால்தான் நஷ்டம். "போட்டியா? எங்க போட்ட? நான் கூட இப்பதான் போட்டேன்" என்று பேச்சோடு பேச்சாகச் சரியான வடிவத்தை அவள் காதில் விழ வைத்தால் போதும். ஒரே நாளில் போட்டேன், போடுனேன் இரண்டும் வரும், மாதக்கணக்கில் கூட அப்படி இழுக்கும், பிறகு ஒவ்வொரு சொல்லாக நேராகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. விகுதியே போடாமல், "நேத்து நான் தண்ணி குடி" என்று வெறும் வினையாகவே தொடர்ந்து பேசினாலோ, முன்பு பேசிய சொற்களையே விட்டுவிட்டாலோ, முதலில் காது கேட்பதைச் சோதித்துவிட்டுப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது தாஸ்காவில், வீட்டில் என்னென்ன மொழி யார் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், மலாயில் அவள் எப்படிப் பேசுகிறாள் என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.