மட்ட அரிசியா, புழுங்கலா, பச்சரிசியா: விளையாடுபவர்களின் கேள்விகள்

மாலை 5 மணிக்குக் கால்பந்துப் பயிற்சி. 3 மணிக்கு மட்ட அரிசிச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனால் ஓடும்போது வயிறு கனக்கிறது. வெள்ளை அரிசிக்கு மாறிவிடலாமா? எடை 60 கிலோ. (கொழிஞ்சாம்பாறை)

அரிசியை விடுங்கள், முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். மட்ட அரிசியில் சிவப்புத் தவிடு ஓரளவு ஒட்டியே இருக்கும். நெல்லாகவே அவித்துக் காய வைத்ததால் மணியும் இறுகியிருக்கும். அதனால் செரிக்க நேரம் எடுக்கும். கூடவே தேங்காய் அரைத்த குழம்பும் மீன் வறுவலும் இருந்தால் அந்தக் கொழுப்பு இன்னும் தாமதப்படுத்தும்.

மதியம் 1 மணிக்கே சாப்பிட முடிந்தால் மட்ட அரிசியே போதும். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் உங்களுக்கு 120 கிராம் வரும். அதற்குச் சுமார் 150 கிராம் அரிசி வேண்டும். வெந்தால் 400 கிராம் அளவுக்குச் சோறு ஆகும்.

3 மணிக்குத்தான் முடியும் என்றால் அளவைப் பாதியாக்குங்கள். 75 கிராம் பச்சரிசியைக் குழைய வேகவைத்து, ரசமோ மோரோ ஊற்றிச் சாப்பிடுங்கள். வறுவலை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது சோற்று ஏப்பம் வந்தால் இரைப்பை இன்னும் காலியாகவில்லை என்று பொருள். மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுங்கள், அல்லது ஒரு கைப்பிடி குறையுங்கள்.

மறுநாள் காலையிலேயே ஆட்டம் இருந்தால் இரவுச் சோறும் பச்சரிசியோ வெள்ளைப் புழுங்கலோ ஆகட்டும். மற்ற நாள்களில் இரவுக்கு மட்ட அரிசி தாராளமாகச் சாப்பிடலாம்.

பழுப்பரிசி, சிவப்பரிசியில் புரதம் அதிகமா? (வேலந்தாவளம்)

பெரிய வித்தியாசம் இல்லை. எந்த அரிசியானாலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7, 8 கிராம்தான். தவிட்டோடு வருவது நார்ச்சத்தும் மெக்னீசியமும் பி வைட்டமின்களும். புரதத்துக்குக் கஞ்சியோடு பயறு சேர்க்கும் நம் பக்கத்துப் பழக்கமே சரியான வழி. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறு பயறில் நிறைய இருக்கிறது.

மட்ட அரிசியை வடிப்பதா, குக்கரில் வைப்பதா? (கோபாலபுரம்)

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் மணிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுவதும் போகாது. தினசரிச் சோற்றுக்குப் பச்சரிசியைவிட வெள்ளைப் புழுங்கலை நாங்கள் பரிந்துரைப்பது இதனால்தான். ஆனால் இந்த வைட்டமின் நீரில் கரையும். நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால் ஒரு பங்கு கஞ்சித் தண்ணீரோடு போய்விடும்.

இரவே ஊறவைத்த மட்ட அரிசிக்கு 1 பங்குக்கு 3 பங்கு தண்ணீர் விட்டு, குக்கரில் 5 விசில் வந்ததும் அடுப்பை அணைத்து ஆவி தானே அடங்க விடுங்கள். மணியை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் 2 விசில் விடுங்கள். சரியாக வேகாத மட்ட அரிசிதான் பலருக்கு வயிற்று உப்புசம் தருகிறது. வடித்தே பழக்கம் என்றால் அந்தக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுப் பயிற்சி முடிந்ததும் குடியுங்கள். வியர்வையில் போன உப்பும் நீரும் ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

தீட்டாத அரிசி வாங்கி மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கிறது. (மீனாட்சிபுரம்)

தவிட்டிலுள்ள எண்ணெய் கெட்டுவிட்டது. கழுவினாலும் போகாது, சமைக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஆவதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடுப்பின் சூடு படாத இடத்தில் வையுங்கள்.