முதலாளியிடம் முன்பணம் கேட்பது எப்படி?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் 9 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 24,000 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணம் 42,000 ரூபாயை ஜூலை 15-க்குள் கட்ட வேண்டும். கையில் 12,000 இருக்கிறது. முதலாளிக்கு இரவில் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்: “சார், ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு நாற்பது, ஐம்பது அட்வான்ஸ் கிடைத்தால் பெரிய உதவி. உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை. எப்படியாவது அடைத்துவிடுவேன்.” படித்துவிட்டார், மூன்று நாளாகப் பதில் இல்லை. இனி எப்படிக் கேட்பது?

பதில்: அவர் மறுத்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பியதை வைத்து அவரால் எந்த முடிவும் எடுக்க முடியாது. நாற்பதா ஐம்பதா, எதற்காக, என்றைக்குள், எப்படித் திரும்பி வரும் என்ற நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. “எப்படியாவது” என்ற சொல்லைத்தான் பணம் கொடுப்பவர் முதலில் கவனிப்பார். கணக்குப் பிரிவில் அதை எப்படி எழுதி வைப்பார்கள்?

அதனால் கடிதத்துக்கு முன் கணக்கு. கையில் இருப்பது போக உங்களுக்குத் தேவை 30,000 மட்டும், அதையே கேளுங்கள். ஆறு தவணை என்றால் மாதம் 5,000. வாடகை, மளிகை, சீட்டு, பெட்ரோல், மின்கட்டணம் எல்லாம் சேர்த்து உங்கள் வீட்டுக்கு மாதம் 19,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 பிடித்தால் மிச்சம் ஒன்றுமே இராது. ஒரு காய்ச்சல் வந்தாலும் மறுபடியும் முன்பணம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். முதலாளிக்கு நம்பிக்கை போவது அந்த இரண்டாவது முறையில்தான். எட்டு தவணை என்றால் மாதம் 3,750. உங்கள் கையில் 1,250 தங்கும். உங்கள் செலவு 19,000-க்கு மேல் என்றால் பத்து தவணையாக, மாதம் 3,000 என்று கேளுங்கள். தீபாவளி போனஸை நம்பித் தவணையைக் கூட்டாதீர்கள். வந்தால் அப்போது கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம்.

இப்போது செய்தி. காலையில், வேலை நேரத்தில் அனுப்புங்கள். கையெழுத்திட்ட தாளாக நேரில் கொடுத்தால் இன்னும் நல்லது.

“மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஸ்டோர்ஸ் பிரிவில் 9 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். என் மகளின் கல்லூரிக் கட்டணம் ரூ.42,000. ஜூலை 15-க்குள் செலுத்த வேண்டும். என்னிடம் ரூ.12,000 உள்ளது. மீதி ரூ.30,000-ஐச் சம்பள முன்பணமாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் மாதச் சம்பளம் முதல் மார்ச் வரை மாதம் ரூ.3,750 வீதம் எட்டு தவணைகளில் பிடித்தம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன். இடையில் வேலையை விட்டு விலகினால், நிலுவையை இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தொகையைக் கல்லூரியின் பெயரிலேயே காசோலையாக வழங்கினாலும் சரி. கட்டணச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

ஜூலை 10-க்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால், தேவைப்பட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்ள எனக்கு வசதியாக இருக்கும்.

நன்றி.”

“உங்களை விட்டால் யாரும் இல்லை” என்ற வரியை நீக்கியிருக்கிறேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மறுக்க நேர்ந்தால் அவருக்குக் குற்ற உணர்வைத் தரும் வரி அது. அதைத் தவிர்க்கவே பலர் பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். “வேறு ஏற்பாடு” என்ற வரி அவரைத் தயக்கமில்லாமல் பேச வைக்கும். காசோலை பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போகிறது என்று அவருக்கு வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. போன ஆண்டு இன்னாருக்குக் கொடுத்தீர்களே என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சம்மதம் கிடைத்தால் தொகை, தவணை, தொடங்கும் மாதம் மூன்றும் வவுச்சரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளிலோ நிரப்பாத காசோலையிலோ கையெழுத்து வேண்டாம். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் முன்பணப் பிடித்தம் தனி வரியாக வர வேண்டும். வருங்கால வைப்பு நிதி உட்பட எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து பொதுவாக ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 3,750 அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

அவர் 15,000 மட்டும் தருகிறேன் என்றால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகாமல், வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள். அந்த நிலையில் முன்பணத் தவணை அதே எட்டு மாதத்துக்கு 1,875-ஆகக் குறையும். அந்தத் திருத்தத்தையும் அவருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.