‘நான்’ என்று தொடங்கினால் போதாது, ‘எனக்கு’ என்று சொல்லிப் பாருங்கள்

“என்னோடு வேலை செய்பவர் அடிக்கடி பிந்தி வந்து என்னை மாட்டிவிடுகிறார். ‘நீங்கள்’ என்று தொடங்காமல் ‘நான்’ என்று தொடங்கிக் கதைத்தால் சண்டை வராது என்கிறார்கள். உண்மையிலே சரிவருமா?”

சரிவரும். ஆனால் நான் முதல்தடவை அதைப் பிழையாகத்தான் செய்தேன்.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷனில் இருக்கிறேன். பகல் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாற வேண்டும். எனக்குப் பிறகு வருகிற அக்கா பிந்துவார். 2.15 பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது மூன்று மணிக்கு. மகளுக்கு டவுனில் 2.45க்கு ரியூஷன் முடியும். ஒருநாள் பொறுக்க முடியாமல், “அக்கா, நீங்க என்னை மதிக்கிறேல்ல எண்டு நான் நினைக்கிறன்” என்று சொன்னேன். ‘நான்’ அதற்குள் இருந்ததால் சரியாகச் சொல்லிவிட்டதாக நம்பினேன். அவர், “நான் எப்ப உன்னை மதிக்காமல் நடந்தனான்?” என்று திருப்பிக் கேட்டார். அதோடு கதை மரியாதையைப் பற்றிப் போய்விட்டது. நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

இந்த முறையை 1960களில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர் தோமஸ் கோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். அதில் மூன்று துண்டுகள் உண்டு: நடந்தது என்ன, அதனால் எனக்கு என்ன ஆனது, எனக்கு எப்படி இருக்கிறது. நான் சொன்னதில் மூன்றுமே இல்லை. மதிக்கவில்லை, ஒதுக்குகிறார், ஏமாற்றுகிறார் என்பதெல்லாம் என் உணர்வுகள் அல்ல, அவர்மேல் நான் எழுதிய தீர்ப்புகள். பதற்றம், களைப்பு, கவலை, பயம் என்பவைதான் என்னுடையவை. தமிழில் இவற்றைச் சொல்ல ‘நான்’ தேவையில்லை. “எனக்குப் பதறுது” என்றாலே போதும்.

அடுத்த தடவைக்கு முன் ஒரு கிழமை துண்டுக் கடதாசியில் குறித்துவைத்தேன். ஆறு நாளில் நான்கு நாள் பிந்தியிருந்தார்: 15, 25, 20, 30 நிமிடம். இதைக் குறிக்காமல் “ஒவ்வொரு நாளும்” என்று சொல்லியிருந்தால், நேரத்துக்கு வந்த இரண்டு நாளையும் அவர் சரியாகப் பிடித்திருப்பார்.

ரிசெப்ஷனில் ஆட்கள் நிற்கும்போது கதைக்கவில்லை. “ஷிஃப்ட் மாறுற நேரம் பற்றிக் கொஞ்சம் கதைக்கோணும் அக்கா” என்று முதல்நாளே சொல்லிவைத்தேன். மறுநாள் பின்பக்க வேப்பமரத்தடியில் சொன்னது இது:

“அக்கா, போன கிழமை நாலு நாள் ஷிஃப்ட் மாற ரெண்டேகால், ரெண்டரை ஆயிட்டுது. ரெண்டேகால் பஸ் போனா எனக்கு மூண்டு மணிக்குத்தான் அடுத்தது. மகள் ரியூஷன் வாசல்ல தனிய நிக்கிறாள் எண்டு நினைக்க எனக்குப் பதறுது. என்ன செய்யலாம்?”

‘நீங்கள்’ அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். “நீங்க பிந்தி வந்தீங்க” என்பது “ரெண்டரை ஆயிட்டுது” என்று மாறியிருக்கிறது. நடந்தது மறையவில்லை, விரல் மட்டும் அவர் பக்கம் நீளவில்லை. ஆனால் ஒரு சின்ன ஒட்டுப் போதும், இதெல்லாம் கெட்டுவிடும். “ஒரு கோல் கூட எடுக்கேல்லத்தானே” என்று சேர்த்தால், அந்த ‘கூட’வும் ‘தானே’யும் தனியாகவே குற்றம் சாட்டிவிடும். “ஏன் பிந்தினீங்க?” என்ற கேள்வியும் விசாரணை மாதிரித்தான் கேட்கும்.

மகளின் ரியூஷன் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருடைய மாமனார் ஆஸ்பத்திரி வார்டில் இருந்ததும் எனக்குத் தெரியாது. பகல் சாப்பாடு கொடுத்துவிட்டு டவுனில் இருந்துதான் வந்துகொண்டிருந்தார். “தங்கச்சி, நீ முதலே சொல்லியிருக்கலாமே” என்றார்.

வார்டுக்குப் போகும் நாளில் காலையிலேயே சொல்லிவிடுவார் என்று முடிவானது. அன்றைக்கு இரண்டு மணிக்கு முன்னமே காசை எண்ணிக் கணக்குக் கொப்பியை முடித்துவைப்பேன். அவர் வரும்வரை மேசையில் இருக்க மனேஜரிடம் கேட்டு ஒரு தம்பியை ஒழுங்குசெய்தோம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டேன், ஆனால் இரண்டு தடவையும் எனக்கு முதலே தெரிந்திருந்தது.

உங்களுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தும் அதையே செய்பவரிடம் இது எடுபடாது. அவரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, திகதிகளோடு மேலிடத்துக்கு எழுதிக் கொடுங்கள். சம்பளத்தில் பிடிக்கிறார்கள், உங்கள்மேல் கைவைக்கிறார்கள் என்றால் ‘எனக்குக் கவலையாக இருக்கு’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் நேரே முறைப்பாடு செய்யுங்கள்.

இன்னொன்று. அக்கா “சொறி தங்கச்சி” என்றதும் என் வாயில் “பரவாயில்லை அக்கா” வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். அதைச் சொல்லியிருந்தால் அதுவரை சொன்ன எல்லாவற்றையும் நானே அழித்திருப்பேன். “விளங்கிக்கொண்டதுக்கு நன்றி அக்கா” என்றுதான் சொன்னேன்.