பன் கணிப்பில் 90 சதவீதப் பிழை

"பேக்கரியில் நாளைக்கு எத்தனை பன் போகும் என்று கணித்து எக்செல்லில் குறித்து வருகிறேன். நான்கு நாளில் விற்றது 50, 40, 80, 10. கணித்தது 45, 50, 60, 40. மேப் என்ற பிழை அளவு 90% காட்டுகிறது. என் கணிப்பு அவ்வளவு மோசமா?"

அவ்வளவு மோசமில்லை. கடைசி நாள்தான் கணக்கைக் கெடுத்திருக்கிறது.

ஒவ்வொரு நாளும் எத்தனை பன் தவறியது என்று பார்த்து (கூடவோ குறையவோ, குறியை விட்டுவிட்டு), அதை அன்று விற்றதால் வகுத்து, வரும் சதவீதங்களுக்குச் சராசரி எடுப்பதுதான் மேப். உங்களுக்கு 10, 25, 25, 300 என்று வருகிறது. கடைசி நாள் தவறியது 30 பன்தான். விற்றது பத்தே என்பதால் அது 300% ஆகிவிட்டது. முந்தைய நாள் 20 பன் தவறியும் 25%தான். ஒன்றுமே விற்காத நாள் வந்தால் `#DIV/0!` என்று நிற்கும். பலர் அந்த வரியை அழித்துவிடுகிறார்கள். கணிப்பு முழுதும் பொய்த்த நாளே கணக்கில் இல்லாமல் போய்விடும்.

இதைவிட வில்லங்கமான குணம் ஒன்று உண்டு. குறைத்துக் கணித்தால் ஒரு நாளின் பிழை 100 சதவீதத்தைத் தாண்டாது. கூட்டிக் கணித்தால் அதற்கு எல்லையே இல்லை. ஒரு நாள் 20, மறுநாள் 80 விற்கிறது என்று வையுங்கள். இரண்டு நாளுக்கும் 50 என்று கணித்தவருக்கு மேப் 93.75%. 20 என்று கணித்தவருக்கோ 37.5%. இரண்டு பேருமே மொத்தத்தில் 60 பன்தான் தவறியிருக்கிறார்கள்! மேப்பை மட்டும் நம்பிக் கணிப்பு முறையைத் தேர்ந்தால், தட்டு சீக்கிரம் காலியாகும் முறைதான் ஜெயிக்கும்.

அதனால் பன் கணக்குக்கு நான் சொல்வது, தவறியதை எல்லாம் கூட்டி, விற்றதன் கூட்டுத்தொகையால் வகுப்பது. B பத்தியில் விற்றது, C பத்தியில் கணித்தது என்றால்:

```
=SUMPRODUCT(ABS(B2:B5-C2:C5))/SUM(B2:B5)
```

65-ஐ 180-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 36%. பூஜ்ய நாளும் இதில் தொல்லை தராது.

36% நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. எதுவும் யோசிக்காமல் 'நேற்று விற்றதே இன்றும் விற்கும்' என்று வைத்தால் என்ன வரும் என்று பாருங்கள். கடைசி மூன்று நாளில் அந்த முறை 120 பன் தவறும். நீங்கள் தவறியது 60. பாதிதான். நான்கு நாளை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன், ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: 80 விற்ற நாளில் சுட்டதே 80தானா? மாலை ஐந்து மணிக்கே தீர்ந்திருந்தால், வந்து கேட்டுத் திரும்பியவர்கள் அந்த எண்ணில் இல்லை. அப்படிப்பட்ட நாளில் உங்கள் உண்மையான பிழை 20-ஐவிடப் பெரியது. தீர்ந்த நேரத்தை D பத்தியில் குறித்து வையுங்கள்.