ஹெட்டை ஒரு மி.மீ. சீவினால் மைலேஜ் கூடுமா?

"என் பைக் 150 சிசி, கம்ப்ரஷன் ரேஷியோ 9.5. ஹெட்டை ஒரு மி.மீ. சீவினால் 11 ஆகிவிடும், மைலேஜ் கூடும் என்கிறார் மெக்கானிக். உள்ளே போவது அதே பெட்ரோல்தானே, கூடுதல் வேலை எங்கிருந்து வரும்? அதிகமாக அமுக்குவதற்கும் சக்தி செலவாகுமே?"

ஹெட் என்பது சிலிண்டரின் மேல் மூடி. அதன் அடிப்பகுதியைச் சீவினால் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் குறையும், கலவை இன்னும் அதிக மடங்கு அமுங்கும். அந்த மடங்குதான் கம்ப்ரஷன் ரேஷியோ. முதலில் உங்கள் இரண்டாவது சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பலரும் இடறுவது அங்கேதான். அமுக்கச் சக்தி செலவாகும், உண்மை. ஆனால் அது தொலைந்துபோவதில்லை. சாவியை ஆஃப் செய்துவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் கால் கனக்கும். அதைத் தாண்டியதும் கனம் சட்டென்று விட்டுப்போகும். அமுங்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திரும்பத் தள்ளுகிறது. சிலிண்டர் சுவருக்குப் போகிற சூடு, ரிங் இடுக்கில் கசிவது போக, கொடுத்ததில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும்.

சரி, லாபம் எங்கே? அமுக்குவதில் இல்லை, விரிவதில் இருக்கிறது. பெட்ரோல் எரிந்ததும் உள்ளே இருக்கும் வாயு கடும் சூடாகிறது. அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும்போது தன் சூட்டைக் கொடுத்துத்தான் வேலை செய்கிறது. எத்தனை மடங்கு விரிகிறதோ அவ்வளவு சூடு வேலையாக மாறும். மிச்சம் சைலன்சர் வழியாக வெளியே போகும். உங்கள் இன்ஜினில் வாயு 9.5 மடங்கு விரிந்ததும் பிஸ்டன் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் விரிய இடமில்லை, சூடு இன்னும் பாக்கி இருக்கும்போதே வால்வு திறந்து அதை வெளியே விடவேண்டியிருக்கிறது. அதே வாயுவை இன்னும் சிறிய இடத்தில் எரியவிட்டால், அதே பிஸ்டன் ஓட்டத்துக்குள் 11 மடங்கு விரியும். கம்ப்ரஷன் ரேஷியோ என்று நாம் சொல்வது உண்மையில் விரியும் ரேஷியோவும்கூட. பெயரில் ஒன்றுதான் இருக்கிறது, அதனால்தான் இந்தக் குழப்பம்.

இது வெறும் பேச்சு இல்லை என்பதற்கு டொயோட்டா பிரியஸின் 1.5 லிட்டர் இன்ஜினே சாட்சி. அதில் ரேஷியோ 13. ஆனால் இன்டேக் வால்வை வேண்டுமென்றே தாமதமாக மூடுவார்கள். பிஸ்டன் மேலேறும்போது உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். உண்மையில் அமுங்குவது 13 மடங்கு இல்லை, அதைவிடக் குறைவு. விரிவது மட்டும் முழு 13 மடங்கு. அமுக்குவதைக் குறைத்தும் எரிபொருள் மிச்சமாகிறது.

இப்போது உங்கள் பைக்கின் கணக்கு. சிலிண்டர் போர் 57 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், 150 சிசிக்கு இது சாதாரணம். ரேஷியோ 9.5 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 17.6 சிசி. அந்த இடத்தின், அதாவது சேம்பரின், வாய் சிலிண்டர் அகலத்துக்கே இருந்தால், ஒரு மி.மீ. சீவுவதில் சுமார் 2.5 சிசி குறைந்து 15.1 ஆகும். அதாவது 1 + 150/15.1, ஏறக்குறைய 10.9. உங்கள் மெக்கானிக் கணக்கில் கெட்டிக்காரர்தான்.

லாபம் எவ்வளவு? நடைமுறை வாயுவுக்கு நெருக்கமான எண்களை வைத்துப் போட்டால், 9.5-இல் எரிபொருளின் சூட்டில் நூற்றுக்கு 49 பங்கு வேலையாகும். 11-இல் 51 பங்கு. இது உராய்வு, கூலிங் இழப்பு எதுவும் சேராத காகிதக் கணக்கு. ஆக, லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டி காகிதத்தில் 47 கொடுக்கும். ரோட்டில் 46 வந்தாலே நல்லது. மேலே போகப்போக லாபம் சுருங்கவும் செய்யும். 6-இலிருந்து 8-க்கு ஏறினால் கிட்டத்தட்ட 5 பங்கு கூடும், 12-இலிருந்து 14-க்கு ஏறினால் 2 பங்கு சொச்சம்தான்.

அந்த ஒரு கிலோமீட்டருக்கு விலை உண்டு. அதிகம் அமுங்கும் கலவை அதிகம் சூடாகும். பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து பரவி வருவதற்குள், தூரத்து மூலையில் இருக்கும் கலவை தானாகவே குபீரென்று பற்றிக்கொள்ளும். அதுதான் நாக்கிங். டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்சிலரேட்டரை முறுக்கினால், தகர டப்பாவில் ஆணிகளைக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். விட்டுவிட்டால் நாளடைவில் பிஸ்டன் தலையில் பொடிப்பொடியாகக் குழி விழும்.

நாக்கிங் கேட்டால் பெரும்பாலும் இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளுவார்கள். சத்தம் நிற்கும், கூடவே நீங்கள் சீவி வாங்கிய லாபமும் போகும். தாமதமாகப் பற்றினால், வாயு முழுசாக எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கொஞ்ச தூரம் இறங்கியிருக்கும். அப்புறம் விரிய மிச்சமிருப்பது முழு 11 மடங்கு இல்லை. 11 ரேஷியோ இன்ஜினை 9 மாதிரி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். உயர் ஆக்டேன் பெட்ரோல் போடலாம். அதில் சக்தி அதிகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, தவறு. தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே. லிட்டருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு, மிச்சமாகும் காசைத் தின்றுவிடலாம்.

இன்னொன்று, ஹெட் ஒரு மி.மீ. இறங்கினால் வால்வுகளும் பிஸ்டனுக்கு ஒரு மி.மீ. கிட்டே வரும், கேம் டைமிங்கும், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரமும், கொஞ்சம் பின்தங்கும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண் எவ்வளவு தடிமன் என்று அளக்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

என் கருத்து: சீவ வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள். 9.5 என்பது புது இன்ஜினின் எண், இன்றைய எண் வேறாக இருக்கலாம். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை மேல்நோக்கி இருக்கும்படி வண்டியைச் சாய்த்து, சிரிஞ்சால் மெல்லிய எண்ணெயை விட்டு நிரப்புங்கள். ரிங் வழியாகக் கசிவதற்குள் சட்டென்று அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் துளை மட்டும் பிடிக்கும் அளவைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்கள் சேம்பர். (கம்ப்ரஷன் கேஜில் தெரியும் எண் வேறு சமாச்சாரம். அது ரிங்கும் வால்வும் எப்படி அடைக்கின்றன என்று சொல்லும், ரேஷியோவைச் சொல்லாது.)

உங்களுடையது போலவே ஒரு 150 சிசி வண்டி நாக்கிங் என்று என்னிடம் வந்தது. அதன் ஹெட்டை யாரும் தொட்டதில்லை. அளந்தால் 17.6-க்குப் பதிலாக 16.5 சிசிதான் இருந்தது, ரேஷியோ 10.1. பிஸ்டன் தலையிலும் சேம்பரிலும் கரி அப்பியிருந்தது. அது இடத்தை அடைத்ததோடு, சூட்டையும் பிடித்து வைத்துக்கொண்டு கலவையைச் சீக்கிரம் பற்றவைத்தது. கரியைச் சுரண்டி எடுத்து அளந்தோம், 17.5. சத்தம் போய்விட்டது.