இருபது டிகிரியும் ஒரு சுவரும்

அன்புள்ள ஐயா,

நெடுந்தூர ஓட்டம் பற்றி அமெரிக்கர் ஒருவர் எழுதிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘பத்து மைல் ஓடினேன்’, ‘மாலைக்குள் வெப்பம் இருபது டிகிரி இறங்கியது’, ‘இருபதாவது மைலில் சுவரில் மோதினேன்’ என்றெல்லாம் வருகிறது. அப்படியே எழுதினால் ஒட்டவில்லை. மாற்றினால் மூலத்துக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. எதுவரை மாற்றலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், அந்த எண் அளந்து சொன்னதா, குத்துமதிப்பா என்று பாருங்கள். பத்து மைல் குத்துமதிப்பு. அதை 16.09 கிலோமீட்டர் என்று எழுதினால் மனிதர் அளவுநாடாவோடு ஓடியதுபோல் ஆகிவிடும். ‘பதினைந்து, பதினாறு கிலோமீட்டர்’ போதும். ஆனால் மாரத்தான் தூரமான 26.2 மைல் வந்தால் அது விதிப்படி வரையறுத்தது, 42.195 கிலோமீட்டர் என்றே எழுதவேண்டும்.

இருபது டிகிரிதான் ஆபத்தானது. அவர் சொல்வது ஃபாரன்ஹீட். செல்சியஸுக்கு மாற்றும் வழக்கமான சூத்திரத்தில் போட்டு, 32-ஐக் கழித்து 5/9-ஆல் பெருக்கினால் மைனஸ் 6.7 வரும். மைனஸ் குறியை விழுங்கிவிட்டு ‘ஏழு டிகிரி இறங்கியது’ என்று எழுதினால் எந்த வாசகருக்கும் சந்தேகம் வராது. அதுதான் கொடுமை. 32-ஐக் கழிப்பது வெப்பநிலைக்கு மட்டும்; இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசத்துக்கு 5/9 பெருக்கல் மட்டுமே. 95-லிருந்து 75-க்கு இறங்கியது என்று வைத்துக்கொண்டு இரு முனைகளையும் மாற்றிப் பாருங்கள்: 35-லிருந்து ஏறத்தாழ 24. ஆக, இறங்கியது பதினொரு டிகிரி.

சுவர் விஷயம் வேறு. ஓட்டக்காரர்களிடையே அது வெறும் அலங்காரம் இல்லை. முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது தசையில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் என்னும் எரிபொருள் தீர்ந்து, கால் திடீரென்று மறுத்துவிடும் நிலைக்கு அவர்கள் வைத்த பெயர். ‘எடுத்த கால் எழவில்லை’ என்று எழுதினால் நிலை விளங்கிவிடும். அவசரப்படாதீர்கள், கட்டுரையைக் கடைசிவரை படியுங்கள். ‘அந்தச் சுவரைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்தேன்’ என்று பின்னால் எங்காவது வந்தால், நீங்கள் முன்னால் இடித்துவிட்ட சுவரை அங்கே எப்படிப் பெயர்ப்பது? அப்படி வந்தால் சுவரை விட்டுவையுங்கள். முதல் இடத்தில் மட்டும், ‘ஓட்டக்காரர்கள் சுவர் என்று சொல்லும் அந்த இடம்’ என்று அறிமுகப்படுத்திவிட்டால் பிறகு வாசகர் உங்களோடு வந்துவிடுவார்.

எடுத்துக்காட்டுகளிலும் இப்படித்தான், தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு மாற்றவேண்டாம். பலத்தை முதலிலேயே கொட்டிவிடக்கூடாது என்பதற்குப் பேஸ்பால் பந்து வீசுபவரை உவமை சொல்கிறாரா? தாராளமாக வேகப்பந்து வீச்சாளரை நிறுத்துங்கள், கருத்து சேதப்படாது. பள்ளியில் தாம் பேஸ்பால் ஆடித் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டதாகச் சொல்கிறாரா? அது அவர் வாழ்க்கை. அதைக் கிரிக்கெட் ஆக்கினால், நடக்காத ஒன்றை நடந்ததாக அவர் தலையில் கட்டுகிறீர்கள். அங்கே பேஸ்பால் அப்படியே இருக்கட்டும். அந்த ஆட்டத்தில் தோளுக்கு ஏன் அவ்வளவு வேலை என்று அரை வரி சேர்த்தால் போதும்.