உயில் எழுதாமல் போன பெரியம்மா: ஜெலுத்தோங் வீடு யாருக்கு?

"என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, 2024 ஆகஸ்டில் தவறிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா பாட்டி எப்போதோ போய்விட்டார்கள். உயில் இல்லை. ஜெலுத்தோங்கில் ஒரு வீடு, பேங்க்கில் கொஞ்சம் பணம். இபிஎஃப், இன்சூரன்ஸ் இரண்டிலும் என்னை நாமினியாகப் போட்டிருக்கிறார். கூடப் பிறந்தவர்களில் பெரிய மாமா 2015-இல் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். சித்தியும் 2010-இல் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, சித்தப்பா மட்டும் இருக்கிறார். சின்ன மாமா பெரியம்மாவுக்கு மூன்று மாதம் கழித்துப் போனார். அத்தையும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் அம்மா நலம். எட்டு வருஷமாகப் பெரியம்மாவைக் கவனித்தவன் நான்தான். யாருக்கு என்ன வரும்?" (வாசகர், பினாங்கு)

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உங்களுக்குச் சட்டப்படி பங்கு இல்லை. எட்டு வருஷம் பார்த்துக்கொண்டதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் அம்மா உயிரோடு இருப்பதால் அந்தக் கிளையின் பங்கு முழுவதும் அவருக்குத்தான் போகும்.

முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் தீபகற்பத்தில் 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம்தான் பேசும். துணை, பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லையென்றால் சொத்து அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்குச் சம பங்காகப் போகும். ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. அவர்களில் ஒருவர் முன்பே இறந்திருந்தால், அவருக்கு வர வேண்டிய பங்கை அவருடைய பிள்ளைகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். கவனியுங்கள், பிள்ளைகள் மட்டும்தான். விதவையோ விதவனோ அந்த இடத்தில் வந்து நிற்க முடியாது.

ஆகவே தலைகளை எண்ணாதீர்கள், கிளைகளை எண்ணுங்கள். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். "மருமக்கள் எல்லாரும் சேர்ந்து ஏழு பேர், ஏழாகப் பிரி" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிடுவார். அதை நம்பி ஆளாளுக்குக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள்.

உங்கள் குடும்பத்தில் நான்கு கிளைகள். சித்தியின் கிளை உதிர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அவர் பெரியம்மாவுக்கு முன்பே, பிள்ளை இல்லாமல் போய்விட்டார். சித்தப்பாவுக்கு ஒன்றும் வராது. மிச்சம் மூன்று: பெரிய மாமா, உங்கள் அம்மா, சின்ன மாமா.

கடன், ஈமச் செலவு எல்லாம் கழித்து 540,000 ரிங்கிட் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளைக்கு 180,000. அம்மாவுக்கு 180,000. பெரிய மாமாவின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 90,000.

சின்ன மாமாவின் பங்குதான் சிக்கலானது. பெரியம்மா கண்ணை மூடிய நாளில் அவர் உயிரோடு இருந்தார். அந்த நொடியிலேயே 180,000 அவருடையதாகிவிட்டது, கையில் வாங்கவில்லை என்றாலும். மூன்று மாதம் கழித்து அவர் இறந்தபோது அந்தத் தொகை அவருடைய சொந்தச் சொத்தோடு சேர்ந்துவிட்டது. அவர் உயில் எழுதியிருந்தால் அதன்படி போகும். எழுதவில்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அத்தைக்கு 60,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60,000.

இதையே திருப்பிப் பாருங்கள். சின்ன மாமா பெரியம்மாவுக்கு முன்னால் போயிருந்தால் அத்தைக்கு ஒரு காசு கிடையாது, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 90,000. இரண்டு மரணச் சான்றிதழ்களிலும் உள்ள தேதிதான் இதைத் தீர்மானிக்கிறது. "தம்பி செத்துப்போனார், அதனால் அவருடைய பங்கு பிள்ளைகளுக்கு" என்று பெரிய மாமா வீட்டுக் கணக்கையே இங்கும் போட்டு அத்தையை விட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அத்தை சும்மா இருந்துவிடுவார், சில வருஷம் கழித்து அவருடைய மகள் கேட்பாள். அதனால் சின்ன மாமாவின் பங்கை அவருடைய சொத்தாகவே நடத்துங்கள். அந்த வீட்டார் அதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும்.

அத்தை விஷயத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1982 மார்ச் 1-க்குப் பிறகு நடந்த கல்யாணம் என்றால் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட கல்யாணம் என்றால் அத்தையின் உரிமை, பிள்ளைகளின் உரிமை இரண்டுமே வாதத்துக்கு வரும். அப்போது லாயரைப் பார்க்காமல் நகராதீர்கள்.

இப்போது நாமினி கதை. இபிஎஃப் பணம் உங்களுடையதுதான். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் போட்ட நாமினி அதைத் தனக்கே எடுத்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் அப்படியில்லை. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி துணை, பிள்ளை, அல்லது அவர்கள் இல்லாதபோது பெற்றோர் நாமினியாக இருந்தால்தான் பணம் அவர்களுக்கே சொந்தம். அக்கா மகன், தங்கை மகன் என்றால் பணத்தை வாங்கும் பொறுப்பாளர் மட்டும்தான். காசோலை உங்கள் பெயரில் வரும், பணம் மேலே சொன்ன மூன்று கிளைகளுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைத்து அந்தப் பணத்தில் கார் வாங்கிவிட்டால், மாமா வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

வீடு இருப்பதாலும், மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருப்பதாலும் உயர் நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. நில அலுவலகத்தில் இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் பூசாக்கா பிரிவில் போராங் ஏ நிரப்பிக் கொடுத்தால் பிச்சாரா என்னும் விசாரணைக்குத் தேதி வரும். உங்கள் பெயரில் போடாதீர்கள். பங்குதாரரான உங்கள் அம்மா போடட்டும். பெரியம்மாவின் மரணச் சான்றிதழ், வீட்டுப் பட்டா, வாரிசுகளின் ஐசி இவற்றோடு தாத்தா, பாட்டி, பெரிய மாமா, சித்தி, சின்ன மாமா ஐவருடைய மரணச் சான்றிதழும் வேண்டும். இல்லாதவர் இல்லை என்பதையும் காட்டித்தான் ஆக வேண்டும்.

இழுத்தடிப்பது பெரும்பாலும் பிறப்புப் பத்திரங்கள்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே கூடப் பிறந்தவர்கள் என்பதை நிரூபிப்பது அப்பா அம்மா பெயர் மட்டுமே. பழைய எஸ்டேட் பத்திரங்களில் தாத்தாவின் பெயர் சின்னசாமி என்றால் ஒன்றில் முதல் எழுத்து எஸ், இன்னொன்றில் சி எச் என்று இருக்கும். ஒரு பத்திரத்தில் பாட்டியின் பெயரே இருக்காது. ஐந்து பேருடைய பத்திரங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மாறுதல் இருந்தால் இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் தயார் செய்து ஆணையர் முன் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். பிச்சாரா அன்று தெரியவந்தால் இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போகும்.

சரி, உங்களுக்கு வழியே இல்லையா? பிச்சாராவில் 18 வயது நிரம்பிய பங்குதாரர்கள் விரும்பினால் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு மாற்றச் சம்மதிக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 18-க்குக் கீழ் உள்ள பிள்ளையின் பங்கை அதன் அம்மாவே சொன்னாலும் விட்டுக்கொடுக்க முடியாது. நடைமுறையில் அம்மா தன் 180,000-ஐத் தருவதுதான் எளிது. அவருக்கும் வயதாகிறது. பிச்சாரா முடிவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பங்கு சின்ன மாமாவின் பங்கைப் போலவே அவருடைய சொத்தாகி, உங்கள் அப்பா, உடன்பிறந்தவர்கள் எல்லாரிடையேயும் பிரியும். அதனால் போராங் ஏ கொடுக்கும் அதே வாரத்தில் அம்மாவை ஒரு லாயரிடம் கூட்டிப்போய் உயில் எழுதச் சொல்லுங்கள். சாட்சிகள் இருவரில் ஒருவராகக்கூட நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் அந்த உயிலில் உங்களுக்கு எழுதியது செல்லாமல் போய்விடும்.